வால்யூம் புரொஃபைல்: விலை எங்கே தயங்குகிறது, ஏன் தயங்குகிறது

சார்ட்டின் ஓரத்தில் படுக்கைவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைகளில் மிக நீளமானதைக் காட்டி, “இங்கே பெரிய வாங்குபவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், விலை இதற்குக் கீழே போகாது” என்று பலர் விளக்குகிறார்கள். அதே பட்டையை இன்னொருவர் காட்டி, “விற்பவர்கள் இங்கேதான் குவிந்திருக்கிறார்கள்” என்பார். இரண்டுமே அந்தப் பட்டையில் இல்லாத செய்தி. வால்யூம் புரொஃபைல் சொல்வது இதைவிடச் சின்ன விஷயம். அதை அந்த அளவில் எடுத்துக்கொண்டால் நன்றாகவே பயன்படும்.

## நேரத்தை விட்டுவிட்டு விலையைப் பார்ப்பது

சார்ட்டின் அடியில் நாம் வழக்கமாகப் பார்க்கும் வால்யூம் பட்டைகள் நேரத்தைப் பொறுத்தவை. இந்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு கைமாறியது, அடுத்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு என்று அவை சொல்லும். வால்யூம் புரொஃபைல் அதே வியாபாரங்களை விலைவாரியாகப் பிரித்து அடுக்குகிறது. 107 என்ற விலையில் மொத்தம் எத்தனை பங்குகள் கைமாறின, 108-ல் எத்தனை என்பதே அதன் கேள்வி. அவை எந்த நாளில், எந்த மணியில் நடந்தன என்பது அதற்கு முக்கியமில்லை.

இந்த எண்ணம் பரவியதில் பீட்டர் ஸ்டைடில்மயருக்குப் பெரிய பங்கு உண்டு. சிகாகோ போர்ட் ஆஃப் டிரேட் சந்தையில் வியாபாரியாக இருந்த அவர் உருவாக்கிய மார்க்கெட் புரொஃபைல் 1980-களில் அறிமுகமானது. ஒவ்வொரு விலையிலும் சந்தை எவ்வளவு நேரம் செலவிட்டது என்பதை அது அளந்தது. வால்யூம் புரொஃபைல் அதே அடுக்கில் நேரத்துக்குப் பதிலாகக் கைமாறிய எண்ணிக்கையை வைக்கிறது.

கற்பனையான ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். பத்து நாட்களாக 100-க்கும் 112-க்கும் நடுவே உலவிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு விலையிலும் கைமாறிய அளவு, ஆயிரம் பங்குகளில்:

```
112   5  █
111   8  ██
110  12  ██
109  20  ████
108  45  █████████
107  60  ████████████
106  50  ██████████
105  30  ██████
104  15  ███
103  10  ██
102  20  ████
101  15  ███
100  10  ██
```

மொத்தம் 3 லட்சம் பங்குகள். 106 முதல் 108 வரை ஒரு பெரிய மேடு தெரிகிறது. சுற்றியுள்ள விலைகளைவிட வியாபாரம் குவிந்த இப்படிப்பட்ட பகுதிதான் ஹை வால்யூம் நோட். 102-ல் இருப்பதும் அதே வகைதான், ஆனால் சின்னது. இரண்டுக்கும் நடுவே 103-ல் வியாபாரம் மெலிந்திருக்கிறது. அதுபோன்ற இடம் லோ வால்யூம் நோட். இனி இவற்றை மேடு, பள்ளம் என்றே சொல்கிறேன்.

மிக நீளமான பட்டை உள்ள ஒற்றை விலை, இங்கே 107, பாயின்ட் ஆஃப் கன்ட்ரோல். திரையில் POC என்று வரும். அதிலிருந்து தொடங்கி, மேலும் கீழும் உள்ள விலைகளில் எது பெரியதோ அதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், மொத்த வால்யூமில் 70 சதவீதம் நிறைந்ததும் நிறுத்தினால் கிடைக்கும் பரப்பு வேல்யூ ஏரியா. இங்கே 70 சதவீதம் என்பது 210 ஆயிரம். 107-ன் 60-ல் தொடங்குகிறோம். 106 சேர்ந்தால் 110, 108 சேர்ந்தால் 155, 105 சேர்ந்தால் 185, 109 சேர்ந்தால் 205, அப்புறம் 104 சேரும்போது 220. போதும். ஆக வேல்யூ ஏரியா 104 முதல் 109 வரை. சில மென்பொருள்கள் இரண்டிரண்டு விலைகளாக ஒப்பிட்டுச் சேர்க்கும். அப்படிச் செய்தால் இதே எண்களுக்குக் கீழ் எல்லை 103-க்கு வந்துவிடும். அதனால் இந்த எல்லைகளைக் கத்தியால் கீறிய கோடுகளாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எந்த விலையில் எவ்வளவு கைமாறியது என்பதன் வரைபடம் வால்யூம் புரொஃபைல். வியாபாரம் குவிந்த இடம் மேடு, மெலிந்த இடம் பள்ளம்.

## மேட்டில் யாரும் காத்திருக்கவில்லை

ஒரு திடலில் கூட்டம் கலைந்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஈர மண்ணில் சில இடங்களில் காலடித் தடங்கள் நெருக்கமாக இருக்கும், சில இடங்களில் ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆட்கள் எங்கே கூடி நின்றார்கள் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். இப்போது அங்கே ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. வால்யூம் புரொஃபைலின் மேடும் அப்படிப்பட்ட தடம்தான். அது நடந்து முடிந்த வியாபாரத்தின் பதிவு. 107-ல் கைமாறிய 60 ஆயிரம் பங்குகளுக்கான ஆர்டர்கள் நிறைவேறி, அத்தோடு முடிந்துபோயின. இன்னும் நிறைவேறாமல் காத்திருக்கும் ஆர்டர்களைக் காட்டுவது ஆர்டர் புக். அது வேறு பொருள்.

மேட்டை “வாங்குபவர்களின் இடம்” என்று சொல்வதும் இதே காரணத்தால் தவறு. 60 ஆயிரம் பங்குகள் வாங்கப்பட்டன என்றால் 60 ஆயிரம் பங்குகள் விற்கவும் பட்டன. ஒவ்வொரு வியாபாரத்திலும் இரண்டு தரப்பும் சம அளவில் இருக்கிறது. மேடு காட்டுவது இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட விலையை. பள்ளம் காட்டுவது அந்த ஒப்புதல் கிடைக்காமல், ஒரு தரப்பு விலகிக்கொள்ள, விலை வேகமாகக் கடந்துபோன இடத்தை.

## பிறகு ஏன் விலை அங்கே தயங்குகிறது?

தடத்தில் ஆட்கள் இல்லை என்றால், விலை திரும்பி வரும்போது அங்கே வேகம் குறைவதேன்? பெரும்பாலும் மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, பெரிய ஆர்டர் வைத்திருப்பவரின் தேவை. ஒருவர் 20 ஆயிரம் பங்குகள் வாங்க வேண்டும் என்று வையுங்கள். 103-ல் பத்து நாளில் மொத்தமே 10 ஆயிரம்தான் கைமாறியிருக்கிறது. அங்கே போய் வாங்க முயன்றால் அவருடைய ஆர்டரே விலையை மேலே தள்ளிவிடும். 106, 107 பக்கம் எதிர்த்தரப்பு கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும், ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. விற்க வேண்டியவரும் அதே கணக்கைத்தான் போடுவார். அதனால் விலை அந்தப் பகுதிக்கு வரும்போது இரண்டு பக்கமும் புதிய ஆர்டர்கள் வந்து சேர்கின்றன. நகர்த்துவதற்கு அதிக அளவு தேவைப்படுவதால் விலை மெதுவாகிறது.

இரண்டாவது, வாங்கிய விலையை மறக்காத மனம். 107-ல் வாங்கியவர்கள், விலை 98-க்கு இறங்கியபோது விற்காமல் தாங்கிக்கொண்டு இருந்திருப்பார்கள். அது மறுபடி 107-க்கு வந்ததும், “போட்டது வந்தால் போதும்” என்று வெளியேறப் பார்ப்பார்கள். நட்டத்தில் இருப்பதை விற்க மனம் வராமல் வைத்திருப்பதும், லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்றுவிடுவதும் பொதுவான பழக்கம் என்று ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெயர் ஸ்டாட்மனும் 1985-ல் விளக்கினார்கள். நிறையப் பேர் ஒரே விலைப் பகுதியில் வாங்கியிருந்தால், அந்த வெளியேற்றமும் அதே பகுதியில் குவியும். எதிர்ப்பக்கத்திலும் இது நடக்கும். விலை இறங்கும் என்று நம்பி, கையில் இல்லாத பங்கை 107-ல் விற்று ஷார்ட் போனவர், விலை 118-க்கு ஏறியதைப் பார்த்துத் தவித்திருப்பார். 107 பக்கம் திரும்பி வந்தால் வாங்கி முடித்துக்கொண்டு விடுவார்.

மூன்றாவது காரணம் எளிமையானது. எல்லோரும் அதே பட்டையைப் பார்த்து அங்கேயே ஆர்டர் வைக்கிறார்கள். முந்தைய இரண்டோடு ஒப்பிட்டால் இது பலவீனமானது. ஏன் என்பது, ஒவ்வொருவர் திரையிலும் பட்டை வேறுவிதமாக வரும் கதையில் புரியும்.

இரண்டாவது காரணத்துக்குக் காலாவதி உண்டு என்பது பலர் கவனிக்காத விஷயம். மேடு உருவானபோது கைமாறியது 3 லட்சம் பங்குகள். அதற்குப் பிறகு வேறு விலைகளில் 30 லட்சம் கைமாறியிருந்தால், 107-ல் வாங்கியவர்களில் பலர் இப்போது அந்தப் பங்கையே வைத்திருக்க மாட்டார்கள். தாங்கிக்கொண்டு காத்திருக்கும் ஆள் இல்லாதபோது அந்த மேட்டின் பிடியும் தளரும். அதனால் ஒரு மேடு எத்தனை நாள் பழையது என்பதைவிட, அதற்குப் பிறகு எவ்வளவு வால்யூம் ஓடியிருக்கிறது என்று கேட்பது நல்லது.

## தயக்கம் வேறு, திருப்பம் வேறு

இங்கேதான் பேச்சு அதிகமாகக் குழம்புகிறது. மேடு நேரடியாக உண்டாக்குவது தயக்கத்தை. திருப்பம் அதிலிருந்து சில நேரம் பிறக்கும், சில நேரம் பிறக்காது. மேட்டின் நடுவில் இரண்டு தரப்பும் திருப்தியாக வியாபாரம் செய்வதால், விலை அங்கே முன்னும் பின்னும் அலைவதே இயல்பு. “POC-யைத் தொட்டதும் துள்ளும்” என்று எதிர்பார்ப்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த அலைச்சல்தான். கூர்மையான திருப்பங்களை மேட்டின் ஓரத்தில், அதாவது மேடு முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் தேடுவதே பொருத்தம்.

நம் பங்குக்கே வருவோம். பத்து நாட்களுக்குப் பிறகு விலை 112-ஐத் தாண்டி 118 வரை போகிறது. அப்புறம் இறங்கத் தொடங்குகிறது. நாம் வைத்திருப்பது அந்தப் பத்து நாட்களின் புரொஃபைல் மட்டும்.

112-லிருந்து 110 வரை மூன்று விலைகளிலும் சேர்த்து 25 ஆயிரம்தான் கைமாறியிருக்கிறது. அந்தப் பகுதியை விலை சட்டென்று கடந்துவிடலாம். அடுத்து 109. வேல்யூ ஏரியாவின் எல்லைகளான 109-ஐயும் 104-ஐயும் மேட்டின் ஓரங்களாக வைத்துக்கொள்வோம். இங்கிருந்து இரண்டு வழிகள்.

ஒரு வழியில், விலை 109-க்குக் கீழே எட்டிப்பார்க்கிறது, 108.2 வரை போகிறது, விற்பனை வற்றுகிறது, கொஞ்ச நேரத்திலேயே 110-க்கு மேலே ஏறிவிடுகிறது. சந்தை பழைய விலையைத் திரும்ப ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. இதுதான் நிராகரிப்பு.

இன்னொரு வழியில், விலை 108-க்கும் 106-க்கும் நடுவே தங்கிவிடுகிறது. சிறு சிறு நேர அளவின் விலை நகர்வைக் காட்டும் மெழுகுவர்த்திகள் அடுத்தடுத்து ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, வால்யூம் சேர்ந்துகொண்டே போகிறது, ஆனால் விலை எங்கும் நகர்வதில்லை. இது ஏற்பு. இந்த நிலையில் “சப்போர்ட் தாங்குகிறது” என்று எண்ணி மகிழ்வது தவறு. மேடு மறுபடி வியாபாரக் களமாகிவிட்டது, அவ்வளவுதான். அங்கிருந்து விலை எந்தப் பக்கமும் கிளம்பலாம். கீழே கிளம்பினால் 104-ன் ஓரம், அதன் பின் 103-ன் பள்ளம். பள்ளத்தில் தடை குறைவு என்பதால் 102-ன் சின்ன மேடு வரை வேகமாக இறங்கக்கூடும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது விலை அங்கே தங்கும் நேரம். நிராகரிப்பு விரைவாக நடக்கும். விலை உள்ளே தங்கத் தங்க அதற்கான வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இதில் பணம் கரையும் ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. 107 என்ற POC-யைப் பார்த்து அங்கே வாங்கி, விலை 106.5-க்கு இறங்கினால் விற்று வெளியேற ஸ்டாப் லாஸ் வைப்பது. மேலே உள்ள எண்களைப் பாருங்கள்: 106-லும் 108-லும் கிட்டத்தட்ட 107 அளவுக்கே வியாபாரம் நடந்திருக்கிறது. ஒரு புள்ளி மேலும் கீழும் போவது அந்தப் பகுதியின் சாதாரண மூச்சு. எண்ணம் சரியாக இருந்தாலும்கூட அந்த ஸ்டாப் அடிபடும். மேடு நிஜமாகவே உடைந்தது என்று சொல்ல 104-க்குக் கீழே, 103.8 என்று வைப்போம், போயிருக்க வேண்டும். சரி, மேல் ஓரமான 109-ல் வாங்கி 103.8-ல் வெளியேறினால் நட்டம் 5.2. பழைய உச்சமான 118 வரை ஏறினாலும் லாபம் 9, நட்டத்தின் இரண்டு மடங்குகூட இல்லை. எடுக்கும் ஆபத்துக்கு இது குறைவு. மேடு அகலமானது என்பதை மறந்து அதை ஒரு கோடாகப் பாவித்ததன் விளைவு இது.

நிராகரிப்புக்காகக் காத்திருப்பதன் பயன் இந்தக் கணக்கில்தான் தெரிகிறது. விலை 108.2 வரை போய்விட்டு 110-ஐத் திரும்பப் பிடித்த பிறகு வாங்கினால், அந்த இறக்கத்தின் அடிக்குச் சற்றுக் கீழே, 107.9-ல், எண்ணம் தவறு என்று ஒத்துக்கொள்ளலாம். நட்டம் 2.1. பழைய உச்சமான 118 வரை 8 இடம் இருக்கிறது. விலை ஒரு புள்ளி அதிகம், ஆனால் தவறு எங்கே தெரியும் என்பது தெளிவாகிவிட்டது. இது தோற்கவும் தோற்கும். அப்போது எவ்வளவு போகும் என்பது முன்கூட்டியே தெரியும்.

சுருக்கமாக: மேட்டின் நடுவில் அலைச்சல், ஓரத்தில் திருப்பத்துக்கான வாய்ப்பு, பள்ளத்தில் வேகம். விலை மேட்டுக்குள் தங்கினால் ஏற்பு, சட்டென்று வெளியேறினால் நிராகரிப்பு.

## ஒரே சந்தை, வேறு வேறு மேடுகள்

மேடு எங்கே தெரியும் என்பது நீங்கள் எந்தக் காலத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் கணக்கிடும் வகை புரொஃபைல்தான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. சார்ட்டை இடதுபக்கம் கொஞ்சம் இழுத்தாலோ பெரிதாக்கினாலோ POC வேறு விலைக்குத் தாவிவிடும். சந்தையில் எதுவும் மாறியிருக்காது. தொடக்கத்தையும் முடிவையும் நீங்களே குறிக்கும் நிலையான வரம்பு வகை இதற்கு நல்ல மாற்று. வரம்பையும் ஒரு காரணத்தோடு தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கவாட்டு நகர்வின் முதல் நாளிலிருந்து அது உடைந்த நாள் வரை என்பது நியாயமான தேர்வு.

ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை விலைகளைச் சேர்க்கிறோம் என்பதும் படத்தை மாற்றும். நம் எண்களையே மூன்று மூன்று விலைகளாகச் சேர்த்தால் 103-ன் பள்ளமும் 102-ன் சின்ன மேடும் காணாமல் போய்விடலாம். வரிசை அளவைக் கொஞ்சம் மாற்றியதுமே மறையும் மேட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த அளவிலும் நிற்கும் மேடுதான் கவனிக்கத் தக்கது.

டேட்டாவையும் பார்க்க வேண்டும். பல தளங்கள் ஒவ்வொரு வியாபாரத்தையும் எண்ணுவதில்லை. சின்ன நேர மெழுகுவர்த்திகளை எடுத்து, அதன் வால்யூமை அதன் உச்சத்துக்கும் அடிக்கும் நடுவே பரப்பிவிடுகின்றன. ஸ்பாட் ஃபாரெக்ஸில் எல்லா வியாபாரத்தையும் ஒன்றாகப் பதியும் ஒரு மையச் சந்தை கிடையாது. அங்கே காட்டப்படுவது பெரும்பாலும் விலை எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கை. கிரிப்டோவில் ஒரு பரிமாற்றத் தளத்தின் வால்யூம் அந்தத் தளத்துக்கு மட்டும் உரியது. நாள் முடிவில் ஏலம் நடக்கும் பங்குச் சந்தைகளில், அந்த ஏலத்தில் ஒரே விலையில் பெரிய அளவு கைமாறும். அது ஒற்றை விலையில் ஊசிபோல உயர்ந்த பட்டையைத் தரும். பக்கத்து விலைகளில் எதுவும் இல்லாமல் தனியாக நீளும் பட்டையைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

## பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்

வால்யூம் புரொஃபைலில் நான் மிகவும் கவலைப்படுவது இந்த ஒன்றைப் பற்றித்தான். விலை ஓரிடத்தில் நின்றது. நின்றதால் அங்கே வால்யூம் சேர்ந்தது. சேர்ந்ததால் மேடு உருவானது. இப்போது நாம் வந்து, “பாருங்கள், மேட்டில் விலை சரியாக நின்றிருக்கிறது” என்கிறோம். காரணத்தையும் விளைவையும் ஒரே டேட்டாவிலிருந்து எடுத்துவிட்டோம். விளக்கப் படங்களில் எல்லா மேடுகளும் அற்புதமாக வேலை செய்வதற்கு இது பெரிய காரணம்.

இன்னொரு உண்மையும் உண்டு. நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஒரு படி மேலே, பூ விழுந்தால் ஒரு படி கீழே என்று ஒரு போலி விலையை நகர்த்தி, ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு வால்யூம் கொடுத்து புரொஃபைல் வரைந்தாலும் அதில் மேடுகளும் பள்ளங்களும் வரும். அங்கே வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை. ஆக மேடு தெரிவதே எதையும் நிரூபித்துவிடாது.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. விலை திரும்பி வருவதற்கு முன்பே புரொஃபைலின் முடிவு நாளை உறையவைத்துவிடுங்கள்; அதற்குப் பிறகு வந்த வால்யூம் ஒரு துளியும் உள்ளே வரக்கூடாது. மேட்டின் இரண்டு ஓரங்களையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். “திருப்பம்” என்றால் என்ன என்பதையும் பார்ப்பதற்கு முன்பே எண்ணில் தீர்மானியுங்கள்: உதாரணமாக, ஓரத்தைத் தொட்ட பிறகு அடுத்த ஆறு மெழுகுவர்த்திகளுக்குள் இரண்டு புள்ளிக்கு மேல் எதிர்ப்பக்கம் போனால் திருப்பம். அப்புறம், அதே வரம்புக்குள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த சில விலைகளுக்கும் இதே அளவுகோலை வைத்து எண்ணுங்கள். கடைசிப் படியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மேட்டு ஓரங்களில் பத்துக்கு ஆறு முறை விலை திரும்பியது என்று கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். கண்மூடித் தேர்ந்த விலைகளிலும் பத்துக்கு ஆறு முறை திரும்பியிருந்தால், அந்தச் சந்தையில் அந்த நேர அளவில் புரொஃபைல் உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. பத்து தொடுதல்களை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். அந்த எண்ணிக்கையில் ஆறும் நாலும் தற்செயலாகவே மாறி மாறி வரும். நூறு தொடுதல்கள் சேர்ந்த பிறகும் இரண்டு எண்ணிக்கைக்கும் இடைவெளி நிலைத்து நின்றால், அந்த இடைவெளியின் அளவுதான் அந்த மேடுகளுக்கு நீங்கள் கொடுக்கத் தகுந்த மதிப்பு.